பிரிவு மாறும்போது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் தொடர் கூட்டுத்தொகை

ஒரு பட்டியலில் மேலிருந்து கீழாக வரும் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், அந்தந்த வரியின் பக்கத்தில் அதுவரை சேர்ந்த தொகையை எழுதினால், அதைத் தொடர் கூட்டுத்தொகை என்கிறோம். பட்டியல் முழுவதும் ஒரே ஆளுடையதாகவோ ஒரே பொருளுடையதாகவோ இருந்தால் இதில் சிக்கல் ஏதும் இல்லை. பல பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பட்டியலில்தான், ஒரு பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தொகையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் புதிதாகக் கூட்டத் தொடங்க வேண்டிய தேவை எழுகிறது. இதை விரிதாளிலும் நிரலிலும் எப்படிச் செய்வது, எங்கே பிசகும், பிசகியதை எப்படிக் கண்டுகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக, ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தின் கொள்முதல் பதிவேட்டைக் கொள்வோம். உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். பட்டுவாடா நாளுக்கு முன்பு, ஒவ்வொருவரும் அதுவரை ஊற்றிய பால் எத்தனை லிட்டர் என்று வரிக்கு வரி தெரிய வேண்டும். கொழுப்பையும் இதரச் சத்தையும் பொறுத்து விலை மாறும் என்பதால் உண்மையான கணக்கு இதைவிட விரிவானது. நாம் லிட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டியல் உறுப்பினர் எண்ணின்படியும், அதற்குள் நாளின்படியும், அதற்குள் வேளையின்படியும் அடுக்கப்பட்டிருக்கிறது. வேளை என்ற பத்தியில் 1 என்பது காலை, 2 என்பது மாலை.

| வரி | A உறுப்பினர் | B நாள் | C வேளை | D லிட்டர் | E இதுவரை |
|---|---|---|---|---|---|
| 2 | 101 | 1 | 1 | 4.5 | 4.5 |
| 3 | 101 | 1 | 2 | 3.5 | 8.0 |
| 4 | 101 | 2 | 1 | 4.0 | 12.0 |
| 5 | 102 | 1 | 1 | 6.0 | 6.0 |
| 6 | 102 | 1 | 2 | 5.5 | 11.5 |
| 7 | 103 | 1 | 1 | 2.5 | 2.5 |
| 8 | 103 | 1 | 2 | 3.0 | 5.5 |
| 9 | 103 | 2 | 1 | 2.0 | 7.5 |

விரிதாளின் முதல் வரியில் தலைப்புகள் இருக்கின்றன. தரவு இரண்டாம் வரியில் தொடங்குகிறது. E2 கட்டத்தில் பின்வரும் சூத்திரத்தை எழுதி, அதைக் கடைசி வரி வரை கீழே இழுத்துவிட்டால் மேலே காணும் E பத்தி கிடைத்துவிடும்.

```
=IF(A2=A1,E1+D2,D2)
```

இதைத் தமிழில் படித்தால் இப்படி வரும்: இந்த வரியின் உறுப்பினர் எண்ணும் மேல் வரியின் உறுப்பினர் எண்ணும் ஒன்றானால், மேல் வரியின் தொகையோடு இந்த வரியின் லிட்டரைக் கூட்டு, ஒன்றில்லையென்றால், இந்த வரியின் லிட்டரை மட்டும் எழுது. பூஜ்ஜியம் என்ற எண் சூத்திரத்தில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிவு மாறும் வரியில் பழைய தொகையை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதே இங்கே பூஜ்ஜியமாக்குவதற்கு ஈடானது. ஐந்தாம் வரியில் 12.0 கைவிடப்பட்டு, 102ஆம் உறுப்பினரின் முதல் 6.0 லிட்டரே அவருடைய தொடக்கத் தொகையாகிறது.

இரண்டாம் வரிக்கு மேலே எண் இல்லை, தலைப்புதான் இருக்கிறது என்பதால் பிழை வருமோ என்று புதிதாகக் கற்பவர்கள் ஐயுறுவதுண்டு. A1 கட்டத்தில் உள்ள ‘உறுப்பினர்’ என்ற சொல்லும் A2 கட்டத்தில் உள்ள 101 என்ற எண்ணும் வேறுவேறானவை என்பதால் நிபந்தனை பொய்யாகி, D2 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்படாத கிளையை விரிதாள் கணக்கிடுவதே இல்லை. ஆகவே E1இல் உள்ள தலைப்பை எண்ணோடு கூட்டும் முயற்சியும் நடப்பதில்லை. முதல் வரிக்கென்று தனிச் சூத்திரம் எழுத வேண்டியதில்லை.

ஒவ்வோர் உறுப்பினரின் முடிவுத் தொகையை மட்டும் தனியே காட்ட வேண்டுமானால், பார்வையை மேலிருந்து கீழே திருப்ப வேண்டும். ஒரு பிரிவு இந்த வரியோடு முடிகிறதா என்பதை அடுத்த வரியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆகவே F2 கட்டத்தில் கீழே உள்ளதை எழுதி இழுக்கலாம்.

```
=IF(A2<>A3,E2,"")
```

நான்காம், ஆறாம், ஒன்பதாம் வரிகளில் மட்டும் முறையே 12.0, 11.5, 7.5 என்று தோன்றும். மற்ற வரிகள் வெறுமையாக இருக்கும். ஒன்பதாம் வரிக்குக் கீழே உள்ள கட்டம் காலியாக இருப்பதால் அதுவும் ‘வேறு’ என்றே கொள்ளப்பட்டு, கடைசி உறுப்பினரின் தொகையும் தவறாமல் வந்துவிடுகிறது. இந்த F பத்தி வெறும் அழகுக்கு அன்று. சரிபார்ப்புக்குப் பின்னால் தேவைப்படும்.

இனி, இந்த முறை முழுவதும் நிற்கும் ஒரே அடித்தளத்துக்கு வருவோம். சூத்திரம் பார்ப்பது பக்கத்து வரியை மட்டுமே; 102 என்ற எண் முன்பு எங்காவது வந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரே உறுப்பினரின் வரிகள் அனைத்தும் இடைவெளி இன்றி அடுத்தடுத்து இருந்தால்தான் விடை சரியாக வரும். நாம் பட்டியலை அடுக்குவது இதற்காகவே. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது ஒரு பொருட்டே இல்லை: 103, 101, 102 என்ற முறையில் பிரிவுகள் வந்தாலும், ஒவ்வொருவரின் வரிகளும் ஒன்றாகக் கூடியிருக்கும் வரை கணக்கில் மாற்றம் வராது. மாறாக, யாரோ ஒருவர் அதே தாளை நாளின்படி மறுபடியும் அடுக்கிவிட்டால், சூத்திரங்கள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் புதிய வரிசைக்கேற்பக் கணக்கிட்டு, 101ஆம் உறுப்பினரை இரண்டு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொகையைத் தந்துவிடும்.

அடுக்க முடியாத பட்டியல், அதாவது வந்த வரிசையிலேயே வைத்திருக்க வேண்டிய பதிவேடு என்றால், வேறொரு சூத்திரம் உண்டு.

```
=SUMIF($A$2:A2,A2,$D$2:D2)
```

இது ஒவ்வொரு வரியிலும் பட்டியலின் தொடக்கம் வரை திரும்பிப் போய், அதே எண் உள்ள வரிகளையெல்லாம் தேடிக் கூட்டுகிறது. அடுக்காத பட்டியலிலும் சரியான விடை தரும். ஆனால் வரி கூடக்கூட வேலை பெருகும். பத்தாயிரம் வரிகள் உள்ள தாளில் முதல் சூத்திரம் பத்தாயிரம் ஒப்பீடுகளோடு முடித்துக்கொள்ள, இது ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகளைச் செய்ய வேண்டியிருக்கும். சில நூறு வரிகளுக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பெரிய தாளுக்கு அடுக்கிவிட்டுக் கூட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

அடுக்கிய பின்னும் விடை பிசகினால், பெரும்பாலும் காரணம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மதிப்புகள் உண்மையில் வேறாக இருப்பதே. ஒரு வரியில் 102 என்பது எண்ணாகவும், வேறொரு கோப்பிலிருந்து ஒட்டப்பட்ட வரியில் அதே 102 எழுத்தாகவும் பதிவாகியிருக்கலாம். விரிதாளின் சமக்குறி இவ்விரண்டையும் வேறென்றே கருதும். அடுக்கும்போதும் எண்கள் அனைத்தும் முதலிலும் எழுத்துகள் பின்னாலும் வைக்கப்படுவதால், எழுத்தாகப் பதிவான 102, தன் இனத்தோடு சேராமல் 103க்குப் பிறகு பட்டியலின் அடியில் போய் நிற்கும். சீரமைப்பை நாமே மாற்றாதவரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும் என்பதால், A பத்தியை ஒருமுறை மேலிருந்து கீழே நோட்டம் விட்டாலே இது பிடிபடும். பிரிவு என்பது எண்ணாக இல்லாமல் பெயராக இருந்தால், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். TRIM அந்த இடைவெளியை நீக்கும், ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது வரும் உடையா இடைவெளியை அது தொடாது. அதைத் தனியே மாற்றியாக வேண்டும்.

இவற்றைவிட ஏமாற்றும் தவறு ஒன்று உண்டு. விடுபட்டுப்போன ஒரு பதிவைச் சேர்ப்பதற்காக மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் புதிய வரி ஒன்றைச் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய நான்காம் வரி இப்போது ஐந்தாம் வரியாகிவிட்டது. ஆனால் அதிலுள்ள சூத்திரம் இன்னும் மூன்றாம் வரியைத்தான் ‘மேல் வரி’ என்று சுட்டிக்கொண்டிருக்கிறது. புதிய வரியில் சூத்திரத்தைச் சரியாக நிரப்பினாலும், அதற்கு அடுத்த வரி அதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் வரியின் தொகையோடு கூட்டுவதால், புதிதாகச் சேர்த்த பால் அந்த உறுப்பினரின் முடிவுத் தொகையில் சேராது. பிழைச் செய்தி எதுவும் வராது. வரியை நீக்கினாலாவது அடுத்த வரியில் #REF! என்று தெரியும், அந்தப் பிழையும் அந்த உறுப்பினரின் வரிகளோடு நின்று, அடுத்தவர் தொடங்கும் இடத்தில் மறைந்துவிடும், ஏனென்றால் அங்கே பழைய தொகை பயன்படுத்தப்படுவதில்லை. செருகினாலும் நீக்கினாலும் E, F பத்திகளின் சூத்திரங்களை இரண்டாம் வரியிலிருந்து மறுபடியும் கீழே இழுத்துவிடுவதே எளிய பரிகாரம்.

இத்தகைய ஓசையில்லாத தவறுகளைப் பிடிக்கத்தான் F பத்தி. F பத்தியின் கூட்டலும் D பத்தியின் கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பட்டியலில் 12.0, 11.5, 7.5 சேர்ந்து 31.0 ஆகிறது, லிட்டர் பத்தியின் கூட்டலும் 31.0 தான். வரியைச் செருகியதால் நேரும் தவறை இந்த ஒப்பீடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் துண்டுபட்ட பிரிவை இது காட்டாது: ஒருவரின் தொகை இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தாலும் இரண்டும் சேர்ந்து அதே மொத்தத்தையே தரும் அல்லவா? அதற்கு F பத்தியில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை `=COUNT(F2:F9)` மூலம் எண்ணி, அந்த நாள்களில் பால் ஊற்றிய உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று சங்கத்தின் பதிவேடு சொல்லும் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்று வந்தால், ஒருவர் எங்கோ துண்டுபட்டிருக்கிறார் என்று பொருள்.

இதே வேலையை நிரலாக எழுதும்போது சிந்தனை சற்று மாறுகிறது. விரிதாளில் மேல் வரி எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. நிரலோ வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கடந்துவிடுகிறது. ஆகவே கடந்த வரியின் உறுப்பினர் யார் என்பதை நாமே ஒரு மாறியில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். பைத்தானில் இப்படி எழுதலாம்.

```python
prev = None
total = 0
for member, litres in rows:
    if member != prev:
        total = 0
        prev = member
    total = total + litres
    print(member, litres, total)
```

இங்கே பூஜ்ஜியம் வெளிப்படையாகவே வருகிறது. முதலில் ஒப்பிட வேண்டும், மாறியிருந்தால் பூஜ்ஜியமாக்க வேண்டும், அதன் பிறகே கூட்ட வேண்டும் என்ற வரிசைமுறை முக்கியமானது. கூட்டும் வரியைத் தூக்கி `if` என்ற வரிக்கு மேலே வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் பட்டியலிலேயே பார்க்கலாம். முதல் வரியின் 4.5 கூட்டப்பட்ட உடனே, உறுப்பினர் மாறியிருப்பதாகக் கண்டு தொகை பூஜ்ஜியமாகிறது. 101ஆம் உறுப்பினரின் முடிவுத் தொகை 7.5 என்று நிற்கிறது. அடுத்து 102இன் முதல் 6.0 லிட்டர், முந்தையவரின் 7.5 உடன் சேர்ந்து ஒரு கணம் 13.5 ஆகி, அப்படியே அழிந்துபோகிறது. ஆக, ஒவ்வொருவரும் தம் முதல் வேளைப் பாலை இழக்கிறார்கள்: 7.5, 5.5, 5.0 என்று வந்து, 31.0 இருக்க வேண்டிய இடத்தில் 18.0 மட்டுமே மிஞ்சுகிறது. குறைந்த தொகை ஒவ்வொரு பிரிவின் முதல் வரிகளுடைய கூட்டலுக்குச் சமமாக இருந்தால், வேறெங்கும் தேடாமல் இந்த இடத்தைப் பார்க்கலாம்.

அதைவிட அடிக்கடி நேரும் பிழை, முடிவுத் தொகைகளை மட்டும் அச்சிடும்போது கடைசிப் பிரிவு விடுபட்டுப்போவது. பிரிவு மாறியதைக் கண்டதும் முந்தையவரின் தொகையை அச்சிட்டுவிட்டுப் பூஜ்ஜியமாக்குமாறு எழுதுகிறோம். 101இன் தொகை, 102 வந்ததும் அச்சாகிறது. 102இன் தொகை, 103 வந்ததும் அச்சாகிறது. 103க்குப் பிறகு யாரும் வராததால், அவருடைய தொகையை அச்சிடும் தருணமே வருவதில்லை. மடக்கு முடிந்த பிறகு இன்னொரு முறை அச்சிட்டால்தான் கணக்கு நிறைவுறும். தொடக்கத்திலும் இதன் மறுபாதி உண்டு: முதல் வரியைப் பார்த்ததும், இல்லாத ஒரு முந்தையவருக்கு ‘0’ என்று ஒரு வரி அச்சாகிவிடாமல் தடுக்க வேண்டும்.

```python
prev = None
total = 0
for member, litres in rows:
    if member != prev:
        if prev is not None:
            print(prev, total)
        total = 0
        prev = member
    total = total + litres
if prev is not None:
    print(prev, total)
```

கடைசி இரண்டு வரிகளிலும் அதே சோதனை இருப்பது, பட்டியல் முற்றிலும் காலியாக இருந்தால் எதுவும் அச்சாகக் கூடாது என்பதற்காக. விரிதாளில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், F பத்தியின் சூத்திரம் அடுத்த வரியை எட்டிப் பார்க்க முடிவதுதான்.

இந்த உத்தி கணினிக்கும் முந்தியது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்குப் போட்ட காலத்தில், அட்டைகளை முதலில் அடுக்கும் இயந்திரத்தில் இட்டு எண்வாரியாகப் பிரித்துவிட்டு, பிறகு பட்டியலிடும் இயந்திரத்தில் செலுத்துவார்கள். அந்த இயந்திரம் அடுத்தடுத்த இரண்டு அட்டைகளின் குறிப்பிட்ட பத்திகளை ஒப்பிட்டு, வேறுபாடு கண்டதும் அட்டை ஓட்டத்தை நிறுத்தி, மொத்தத்தை அச்சிட்டு, எண்ணியைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத் தொடரும். நிரலாளர்கள் இன்றும் இதைக் ‘கண்ட்ரோல் பிரேக்’ என்று அழைப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

ஒரு படி மேலே போய், ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதவாரியாகத் தொகை வேண்டும் என்றால், B பத்தியில் நாளுக்குப் பதிலாக மாதம் இருப்பதாகக் கொண்டு, பட்டியலை உறுப்பினர், மாதம் என்ற முறையில் அடுக்க வேண்டும். மாதம் மாறினால் பூஜ்ஜியமாக்கினால் போதுமே என்று தோன்றலாம், அது போதாது. 102ஆம் உறுப்பினரின் கடைசி வரி ஏப்ரலில் முடிகிறது, 103ஆம் உறுப்பினர் ஏப்ரலில்தான் பால் ஊற்றத் தொடங்கினார் என்றால், இருவருக்கும் இடையில் மாதம் மாறவே இல்லை. மாதத்தை மட்டும் ஒப்பிடும் சூத்திரம் 103இன் பாலை 102இன் ஏப்ரல் தொகையோடு சேர்த்துக்கொண்டே போகும். பெரிய பிரிவு மாறினால் சிறிய பிரிவும் மாறியதாகவே கொள்ள வேண்டும் என்பதால், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தொடரும்படி எழுத வேண்டும்.

```
=IF(AND(A2=A1,B2=B1),E1+D2,D2)
```

தரவுத்தளத்தில் இதே கணக்கைக் கேட்கும்போது, அடுக்குவதையும் பிரிப்பதையும் தரவுத்தளமே பார்த்துக்கொள்கிறது; எந்தப் பத்தி மாறினால் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதை `PARTITION BY` என்பதில் சொன்னால் போதும்.

```sql
SELECT member, day, shift, litres,
       SUM(litres) OVER (
         PARTITION BY member
         ORDER BY day) AS running
FROM milk;
```

மீண்டும் நாள்வாரிப் பட்டியலையே கொண்டு இதை இயக்கினால், 101ஆம் உறுப்பினரின் முதல் இரண்டு வரிகளிலும் 8.0 என்றே வரும். முதல் வரியில் வர வேண்டிய 4.5 வராது. `ORDER BY` மட்டும் கொடுத்து எல்லையைச் சொல்லாமல் விட்டால், அடுக்கும் மதிப்பு சமமாக உள்ள வரிகள் அனைத்தையும் தரவுத்தளம் ஒரே கட்டாக எடுத்துக் கூட்டுவதே இதற்குக் காரணம்; முதல் நாளின் காலையும் மாலையும் நாள் என்ற அளவில் சமம். ஒவ்வோர் உறுப்பினரின் கடைசி நாளிலும் முடிவுத் தொகை சரியாகவே இருப்பதால், மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது தென்படாது. வேளையையும் அடுக்கில் சேர்த்து, கணக்கு வரிவரியாக நடக்க வேண்டும் என்று `ROWS` மூலம் சொல்லிவிட்டால், விரிதாளின் E பத்தியில் உள்ள அதே எட்டு எண்களும் கிடைக்கும்.

```sql
SUM(litres) OVER (
  PARTITION BY member
  ORDER BY day, shift
  ROWS UNBOUNDED PRECEDING)
```